லோரி கம்பெனி, பழ ரேம்ப், பட்டறை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 13 லட்சம் வெள்ளி எப்படிப் போனது

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி வைத்திருப்பவர்கள், ரேம்ப் நடத்துபவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இரண்டு சின்னக் கம்பெனிகளைச் சேர்த்து வைப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓர் ஆலோசகர் சுற்றிக்கொண்டிருக்கிறார். பெயர் போடவில்லை, விஷயம் வழக்கறிஞர் கையில் இருக்கிறது. ஆனால் அவர் கொடுக்கும் கணக்குத் தாள் எப்படி இருக்கும் என்று சொன்னாலே உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

ஏமாற்றப்பட்டவர் என் அண்ணன். தோட்டங்களிலிருந்து ஆலைக்குப் பழம் ஏற்றும் தொழில். பக்கத்து ஊரில் மாமா ஒருவர் அதே தொழிலை மூன்று லோரிகளோடு நடத்திவந்தார். வயதாகிவிட்டதால் விற்க நினைத்தார். ஆலோசகர் நடுவில் வந்து, "இரண்டையும் சேர்த்தால் சினர்ஜி வரும் அண்ணே, தனித்தனியாக ஓட்டுவதைவிடக் கூடுதல் மதிப்பு" என்றார். சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் 2007இல் ஒன்றாகச் சேர்ந்ததை உதாரணம் காட்டினார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் அந்தப் பெயர்களைச் சொன்னால் எடுபடாமல் இருக்குமா? அவை பங்குச் சந்தையில் இருந்த நிறுவனங்கள், தினமும் சந்தை விலை தெரியும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நம் ஊர் லோரி கம்பெனிக்கு அப்படி ஒரு விலைப் பலகை கிடையாது. தாளில் எழுதுவதுதான் விலை.

கையெழுத்தெல்லாம் முடிந்து கணக்கு வழக்கு என் கைக்கு வந்த பிறகுதான் அந்தத் தாளை வரி வரியாகப் பார்த்தேன்.

முதலில் தனி மதிப்பு. மாமாவின் கம்பெனியில் வரி கட்டி, பழைய லோரியை மாற்றப் பணம் ஒதுக்கி, வருடத்துக்கு 90,000 வெள்ளி மிஞ்சுகிறது. மழை, பழ விலை, லோரி பழுது என்று நிலையில்லாத தொழில் இது. போட்ட காசுக்கு 15 விழுக்காடாவது எதிர்பார்ப்பது நியாயம். 90,000ஐ 15 விழுக்காட்டால் வகுத்தால் 6 லட்சம் வெள்ளி. அண்ணன் கம்பெனிக்கு வருடம் 180,000 மிஞ்சுகிறது, அதே கணக்கில் 12 லட்சம். இதுவரை ஆலோசகர் எழுதியதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை நான்காம் பக்கத்தில். சேர்ந்தால் வருடம் 120,000 வெள்ளி ஆதாயம் என்று போட்டிருந்தார். அவர் அனுப்பிய எக்செல் கோப்பில் அந்தக் கட்டத்தைத் தட்டினால் இவ்வளவுதான் இருந்தது:

```
=120000/0.15
```

அதாவது 8 லட்சம். தனி மதிப்பு 6 லட்சத்தோடு சேர்த்து 14 லட்சம். "நான் பேசி 13க்கு முடித்துத் தருகிறேன், உங்களுக்கு ஒரு லட்சம் லாபம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த 120,000 எங்கிருந்து வந்தது? லோரி நிறுத்தும் யார்டு ஒன்றை விட்டுவிட்டால் வாடகை மிச்சம் 24,000. கிராணி ஒருவர் போதும் என்பதால் மிச்சம் 32,000. டீசலும் டயரும் மொத்தமாக வாங்கினால் 14,000. ஆலையிலிருந்து வெறும் லோரியாகத் திரும்பாமல், காலிக் குலைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் 50,000.

கடைசியிலிருந்து வருகிறேன். காலிக் குலையைத் தோட்டத்தில் உரமாகப் பரப்புவதும், பழம் இறக்கிய லோரியே அதை ஏற்றித் திரும்புவதும் புதுசா என்ன? அண்ணன் தன் சொந்த லோரிகளைக் கொண்டே, யாருடைய கம்பெனியையும் வாங்காமல், ஆலையிடம் பேசி அதைச் செய்யலாம். வாங்காவிட்டாலும் கிடைக்கக்கூடிய காசுக்கு விற்பவரிடம் ஏன் விலை கொடுக்க வேண்டும்? இதுதான் முதல் சோதனை. இதில் தேறாத தொகையை அப்படியே அடித்துவிட வேண்டும். அதோடு அந்த 50,000 வெறும் வாடகை வரவு. டீசல், டிரைவரின் டிரிப் காசு எதையும் அவர் கழிக்கவில்லை.

டீசலின் பம்ப் விலை லோரி எண்ணிக்கையைப் பார்த்து மாறுவதில்லை. ஐந்து லோரிக்காரனுக்கு ஒரு விலை, எட்டு லோரிக்காரனுக்கு ஒரு விலை என்று பெட்ரோல் நிலையத்தில் கிடையாது. செலுப் டயர் மொத்தமாகப் போட்டால் கொஞ்சம் குறையும். கடையில் விசாரித்ததில் வருடம் 6,000 தேறும்.

யார்டு வாடகையும் கிராணி சம்பளமும் உண்மையான மிச்சம்தான். ஆனால் இலவசமாக வரும் மிச்சம் இல்லை. மாமாவின் யார்டு ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் ஓட வேண்டும். எட்டு லோரிகளும் நிற்க எங்கள் யார்டில் கல் கொட்டிச் சமன் செய்ய 30,000 ஆகும். அங்கிருந்த கிராணியம்மா 12 வருடம் வேலை செய்தவர். கணக்குகளைச் சேர்த்து முடிக்கும்வரை, அதாவது அந்த ஒரு வருடமும், அவர் இருந்தாக வேண்டும். அப்புறம் வேலையை விட்டு நிறுத்தினால், ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தவருக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 20 நாள் சம்பளம் என்று 1980ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. மாதம் 2,300 வெள்ளி சம்பளத்துக்கு அது சுமார் 18,000. அவருடைய சம்பளம், இபிஎப், சொக்சோ எல்லாவற்றையும் "மிச்சம்" என்று எழுதத் தெரிந்த மனிதருக்கு, கிராணியம்மாவுக்குச் சேர வேண்டிய பணத்தை எழுதக் கை வரவில்லை. எனக்கு மிகவும் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

ஆக உண்மையான ஆதாயம் வருடம் 62,000. அதற்கும் வரி உண்டு. சிறு நிறுவனத்துக்கு முதல் 150,000 வெள்ளி லாபத்துக்கு 15 விழுக்காடு, அதற்கு மேல் 600,000 வரை 17. சேர்ந்த கம்பெனி இரண்டாவது படியில் இருப்பதால், கூடுதலாக வரும் காசுக்கு 17 விழுக்காடு போகும். கையில் நிற்பது சுமார் 51,500. 15 விழுக்காட்டால் வகுத்தால் 343,000. ஒரு வருடம் தாமதமாகத் தொடங்குவதால் அதை 1.15ஆல் இன்னொரு முறை வகுக்க வேண்டும், 298,000. யார்டுக்கு 30,000, கிராணியம்மாவுக்கு 18,000, வழக்கறிஞர் கட்டணமும் மற்ற செலவும் 20,000. எல்லாம் கழித்தால் 2 லட்சத்து 30 ஆயிரம். இதுவும் இந்த மிச்சம் காலாகாலத்துக்கும் வரும் என்று தாராளமாக வைத்துக்கொண்ட கணக்கு.

அப்படியானால் அண்ணன் கொடுக்கக்கூடிய உச்ச விலை 6 லட்சமும் 2 லட்சத்து 30 ஆயிரமும் சேர்ந்து 8 லட்சத்து 30 ஆயிரம். உச்சம் என்றால், அந்த விலைக்கு வாங்கினால் அண்ணனுக்கு ஒரு காசு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆதாயம் முழுவதும் விற்பவருக்குப் போய்விடும், அதை உழைத்து வரவழைக்கும் வேலை மட்டும் அண்ணனுக்கு. பேரம் நடக்க வேண்டியது 6 லட்சத்துக்கும் 8 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் இடையில். ஆளுக்குப் பாதி என்றால் 7 லட்சத்து 15 ஆயிரம். யார்டும் வழித்தடமும் அண்ணனுடையவை, வேறு யார் வாங்கினாலும் இந்த மிச்சம் கிடைக்காது என்றால் இன்னும் கீழேகூட நிற்கலாம். இன்னொருவரும் வாங்கத் தயாராக நின்றால் மேலே போக வேண்டிவரும். ஆலோசகரோ தப்பாகப் போட்ட உச்சத்தைக் காட்டி, அதற்குச் சற்றுக் கீழே முடித்ததை லாபம் என்று சொன்னார்.

பணம் கொடுத்த விதம் இன்னொரு கொடுமை. 13 லட்சத்தில் 7 லட்சம் வங்கிக் கடனாக எடுத்து ரொக்கமாகக் கொடுத்தாயிற்று. மீதி 6 லட்சத்துக்கு அண்ணன் கம்பெனியில் பங்கு. "உங்கள் கம்பெனி 12 லட்சம், அவருக்கு 6 லட்சம், ஆக மூன்றில் ஒரு பங்கு" என்று எழுதிவிட்டார். ரொக்கம் வெளியே போன பிறகு சேர்ந்த கம்பெனியின் மதிப்பு என்ன? 12, 6, 2.3 சேர்ந்து 20.3 லட்சம். 7 போனால் 13.3 லட்சம். அதில் மூன்றில் ஒரு பங்கு 4.43 லட்சம். மாமாவுக்கு மொத்தம் கிடைத்தது 11.43 லட்சம், அவர் கம்பெனியின் தனி மதிப்பைவிட 5.43 லட்சம் கூடுதல். அண்ணனிடம் மிஞ்சியது 8.87 லட்சம். இருந்த 12 லட்சத்தில் 3.13 லட்சம் கரைந்துவிட்டது. சேர்ந்ததால் உண்டான ஆதாயமே மொத்தம் 2.3 லட்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பங்காகக் கொடுத்தால் ஒரு விஷயம் உண்டு. விலை கூடிப்போன நட்டத்தில் விற்பவரும் கொஞ்சம் சுமக்கிறார், அதனால்தான் அவருக்கு 13 முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் எத்தனை விழுக்காடு என்பதைச் சேர்ந்த கம்பெனியின் மதிப்பை வைத்துப் பார்க்க வேண்டும். 7 லட்சம் ரொக்கமாகப் போன பிறகு, 13.3இல் அண்ணனுக்கு 12 லட்சமாவது நிற்க வேண்டும் என்றால் மாமாவுக்குக் கொடுக்கக்கூடிய பங்கு 10 விழுக்காட்டுக்கும் குறைவு. கொடுத்தது 33.

ஆலோசகர் ஏன் இப்படிச் செய்தார்? அண்ணனிடம் அவர் வாங்கிய கட்டணம் விலையில் 3 விழுக்காடு. விலை ஏற ஏற அவருக்குக் கூடுதல். 13 லட்சத்துக்கு 39,000 வெள்ளி. வாங்குபவருக்கு வேலை செய்கிறவருக்கு இப்படியா சம்பளம் பேசுவது? அது போதாதென்று, மாமாவின் பழைய கோப்புகளைப் புரட்டும்போது பச்சைத் தாளில் ஒரு பேமென்ட் வவுச்சர் கிடைத்தது. அதே ஆலோசகரின் நிறுவனப் பெயர், "அறிமுகக் கட்டணம்" என்று எழுதி, அண்ணன் கையெழுத்துப் போட்ட அதே வாரத்துத் தேதி. மாமாவைக் கேட்டேன். "அவர் எனக்கும்தான்மா வேலை செய்தார்" என்றார், ஒளிவு மறைவு இல்லாமல். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தன் கம்பெனிக்கு நல்ல விலை கேட்டார், கிடைத்தது.

அந்த வவுச்சரின் நகலும் நான்காம் பக்கமும் இப்போது வழக்கறிஞரிடம் இருக்கின்றன. பங்கு விழுக்காட்டைத் திருத்துவது பற்றி மாமாவிடம் பேச்சு நடக்கிறது. ஆலோசகர் போனை எடுப்பதில்லை. ஆனால் இந்த மாதம் இரண்டு ரேம்ப்காரர்களைப் பார்த்துப் பேசியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர்களோ நீங்களோ இதே மாதிரித் தாளை வைத்திருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் ஆதாயம் என்று காட்டும் ஒவ்வொரு தொகைக்கும் வருமான வரி கழித்திருக்கிறாரா, ஒரு தடவைச் செலவுகள் எங்கே, எந்த மாதத்திலிருந்து காசு வரும், வாங்காவிட்டால் அது வராதா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். விற்பவரிடமிருந்தும் ஏதாவது வாங்குகிறாரா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.