பல் எடுக்கும் முன் அசிட்ரோம்: நிறுத்துவதா, தொடர்வதா?

பெரம்பூரில் இருக்கும் பெரியப்பாவுக்குச் செயற்கை இதய வால்வு. ஒரு கடைவாய்ப்பல்லை எடுக்க வேண்டியிருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிடும் அசிட்ரோம் மாத்திரையை நிறுத்தினால் ரத்தக்கசிவு குறையும்தான், ஆனால் வால்வில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். தொடர்ந்தால் ஈறு கொஞ்சம் கூடுதலாகக் கசியும். அதைத் தையல் போட்டு, பஞ்சுத்துணியை அரை மணி நேரம் அழுத்திக் கடித்தே பெரும்பாலும் நிறுத்திவிடலாம். அதனால் ஓரிரு பல் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு முந்தைய நாள் பார்த்தபோது 4-க்குக் கீழே இருக்கும்போது தொடர்வதே மேல். அவருக்கு 2.8, மாத்திரையை நிறுத்தாமலே எடுத்தார்கள்.

அப்புறம் வலிக்குப் பாராசிட்டமால் போதும், டைக்ளோஃபெனாக் வேண்டாம். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் அசிட்ரோம் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஐ.என்.ஆர். ஏறிவிடும். பெரிய அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கலாம். அதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.