ஏகாதசிப் பட்டினியா, பழ விரதமா, நோன்பா: சர்க்கரை மாத்திரைக்காரர்களுக்கு எது ஒத்துவரும்?

என் மாமியாருக்கு வயது அறுபத்து நான்கு. கிளைமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஒரு வைகுண்ட ஏகாதசியன்று வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு கடலூரிலிருந்து திருவந்திபுரம் போனார். பதினொரு மணிக்கு வரிசையில் நின்றபடியே மார்கழிக் குளிரிலும் வியர்த்துக் கொட்டியது. கேட்டதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். கையோடு கொண்டுபோயிருந்த சர்க்கரை பார்க்கும் கருவியில் 52 காட்டியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விரத முறைகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரும் தொடங்குவதில்லை.

மாத்திரை போட்டுக்கொண்டு முழுப் பட்டினி கிடப்பதுதான் இருப்பதிலேயே மோசமானது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று கிளைமிபிரைடு பார்ப்பதில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அதன் வேலை ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நீடிக்கும். மெட்ஃபார்மின் அப்படியல்ல, அது தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. ஆகவே “சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன்” என்றால் போதாது, அட்டையின் பின்புறம் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

“அப்படியானால் மாத்திரையையும் விட்டுவிடுகிறேன்” என்றார் அத்தை அடுத்த ஆண்டு. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் தசமி இரவில் போட்ட கிளைமிபிரைடு ஏகாதசிக் காலையிலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். தவிர, “இன்று மாத்திரை கிடையாது” என்றதும் இரத்த அழுத்த மாத்திரையையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். அதில் சில வகைகளைச் சட்டென நிறுத்துவதே ஆபத்து.

எங்கள் மருத்துவர் பழ, பால் விரதத்துக்கு ஒப்புக்கொண்டார். அதில் ஒரு சிக்கல்: சேர்ந்த மாத்திரையை உடைத்துப் பாதி மருந்தை மட்டும் எடுக்க முடியாது. அதனால் தசமி இரவுக்கும் ஏகாதசிக்கும் மட்டும் மெட்ஃபார்மினைத் தனியாக எழுதிக் கொடுத்தார். அவல், பால், கொய்யா என்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம். தண்ணீருக்குத் தடையில்லை. ஜவ்வரிசிக் கஞ்சி வேண்டாம் என்றோம். அது சர்க்கரையை விறுவிறுவென ஏற்றிவிடும். அத்தைக்கு இது முழு விரதமாகவே படவில்லை, இன்றும் முணுமுணுக்கிறார். என் ஓட்டு இதற்குத்தான்.

பக்கத்து வீட்டு பாய் ரமலான் நோன்பு வைப்பவர். தண்ணீர்கூட இல்லாததால் இதுதான் கடினம் என்று நினைத்திருந்தேன். ஆனால் விடியலுக்கு முன் சஹர், மாலையில் இஃப்தார் என்று இரு முனையிலும் சாப்பாடு இருக்கிறது, மாத்திரையையும் அங்கே நகர்த்திவிடலாம். தினம் ஒருமுறை போடும் கிளைமிபிரைடை அவருடைய மருத்துவர் காலையிலிருந்து இஃப்தாருக்கு மாற்றினார். ஒரு நாளை வைத்துப் பார்த்தால் ஏகாதசிப் பட்டினியைவிட இதில் மருந்தைப் பொருத்துவது எளிது. முப்பது நாள் என்று வரும்போது நீர்வறட்சி கணக்கில் சேர்கிறது. சஹரைத் தூங்கித் தவறவிட்ட நாளில் அவர் நோன்பு வைப்பதில்லை.

நிறுத்த வேண்டிய எல்லை எல்லா முறைக்கும் ஒன்றே. 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே ஏறினாலோ அந்த நிமிடமே முடித்துக்கொள்ள வேண்டும். மாலைவரை பார்க்கலாம் என்பதில்லை. 70-க்கும் 90-க்கும் இடையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். நடுக்கம், வியர்வை, குழறிய பேச்சு தெரிந்தால் கருவியைத் தேடாமலே சர்க்கரை கொடுக்கலாம். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் தொடங்கவே கூடாது. நோயாளி நோன்பைப் பிறகொரு நாள் வைத்துக்கொள்ளக் குர்ஆனே இடம் தருகிறது என்றார் பாய்.

அன்று வரிசையில் செய்தது இதுதான். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தோம். பதினைந்து நிமிடம் கழித்து 66. மறுபடி அதே அளவு. அடுத்த முறை 95. அத்தோடு விட்டிருந்தால் தவறு. சர்க்கரைத் தண்ணீர் கரைந்துபோகும், மாத்திரை உள்ளேதான் இருக்கும். இரண்டு வாழைப்பழமும் பாலும் கொடுத்து, மாலைவரை மணிக்கொருமுறை பார்த்தோம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்க மாட்டோம், 108-ஐ அழைத்திருப்போம். மூத்தவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கிளைமிபிரைடால் தாழ்ந்த சர்க்கரை மீண்டும் மீண்டும் தாழக்கூடும். தேறியதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனையில் காட்டிவிட வேண்டும்.

துவாதசிக் காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகப் பாரணை. அத்தை பழைய மாத்திரையை அந்தச் சாப்பாட்டோடுதான் தொடங்குகிறார், ஒன்றே ஒன்று. “நேற்று விட்டதையும் சேர்த்து இரண்டாகப் போடட்டுமா?” என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்பார். வேண்டாம் என்று நானும் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.