விற்றவர் சொன்னது சர்வீஸ் பிரிவுக்குத் தெரியாது: இரு மாநிலக் கடைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

செங்கோட்டையிலும் புனலூரிலும் கடை வைத்திருக்கும் எங்கள் குழாய், ஹார்டுவேர் வியாபாரத்துக்கு அண்மையில் ஒரு பில்லிங் மென்பொருள் வாங்கினோம். விற்பனைப் பிரிவு கொடுத்த வாக்கு, பணம் கட்டிய பிறகு நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சர்வீஸ் பிரிவுக்குப் போய்ச் சேரவே இல்லை. எல்லையின் இருபுறமும் கடை நடத்துபவர்கள் களியக்காவிளையிலும் கம்பத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் நிறையப் பேர் இருப்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இது ஒரு நிறுவனத்தோடு நிற்கும் வழக்கமும் அல்ல.

செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர். அதனால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கமும் உறவும் கடையும் இருப்பது இயல்பு. புனலூர்க் கடையை என் அத்தான் பார்த்துக்கொள்கிறார். இரண்டும் ஒரே கூட்டு நிறுவனம், ஒரே பான் எண். ஆனால் ஜிஎஸ்டி பதிவு மாநிலவாரியானது என்பதால் இங்குள்ள கடையின் எண் 33 என்றும், அங்குள்ளது 32 என்றும் தொடங்கும். சட்டத்தின் பார்வையில் இவை இரண்டும் இரு தனி நபர்கள். செங்கோட்டைக் கிடங்கிலிருந்து புனலூருக்குச் சரக்கு அனுப்பினால், கைமாறும் பணம் ஏதும் இல்லாவிட்டாலும் அது விற்பனைக்குச் சமம். ஐஜிஎஸ்டியுடன் வரி பில் போட்டே அனுப்ப வேண்டும்.

மென்பொருள் விற்க வந்த தம்பியிடம் நான் முதலில் கேட்டதே இதைத்தான். அவர் மடிக்கணினியைத் திறந்து, இரண்டு ஜிஎஸ்டி எண்களோடு ஒரு மாதிரி நிறுவனத்தைக் காட்டினார். ஒரு கடையில் பில் போட்டதும் மறு கடையின் கொள்முதலில் அது தானாகவே வந்து உட்கார்ந்தது. இ-வே பில்லும் அதே திரையிலிருந்து உருவானது. “இதுதான் அண்ணாச்சி உங்களுக்கு வரப்போவது” என்றார். அன்று மாலை வாட்ஸ்அப்பில் நான் கேட்டதற்கும், “ரெண்டு கடைக்கும் சேர்த்துத்தான் அண்ணாச்சி இந்த விலை” என்று பதில் போட்டார். வரி நீங்கலாக 48,000 ரூபாய். முழுத்தொகையும் கட்டினால்தான் நிறுவும் தேதி தருவோம் என்றதால் கட்டினோம்.

நிறுவ வந்தவர் வேறு, பிறகு தொலைபேசியில் பேசியவர்கள் வேறு. நிறுவியவர் பழைய சரக்குப் பட்டியலை ஏற்றி, நான்கு கணினிகளில் பயனர் பெயர்களை உருவாக்கி, புனலூரை ஒரு ‘கிடங்காக’ச் சேர்த்துவிட்டுப் போனார். முதல் லோடில் 1,20,000 ரூபாய்ப் பெறுமானமுள்ள பிவிசி குழாய்களை ஏற்றிவிட்டு மாற்றல் போட்டபோது, மென்பொருள் வரி பில்லுக்குப் பதிலாக டெலிவரி சலான் ஒன்றை அச்சிட்டது. அதில் வரி என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. அனுப்புபவர், பெறுபவர் இருவருக்கும் ஒரே 33 எண். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே எண்ணுக்குள் சரக்கு இடம் மாறுவதாக அந்த மென்பொருள் புரிந்துகொண்டிருந்தது. அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே நடந்திருந்தது. எங்கள் கணக்காளர் அந்தத் தாளைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

அவர் ஏன் பதறினார் என்பதைச் சொல்ல வேண்டும். குழாய்க்கு வரி 18 சதவீதம். அந்த லோடுக்கு ஐஜிஎஸ்டி 21,600 ரூபாய். மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயம். உரிய ஆவணம் இல்லாமல் வழியில் பிடிபட்டால், உரிமையாளர் முன்வந்து விடுவித்துக்கொள்ளும்போதுகூட, ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 129-இன்படி அபராதம் வரியின் இருமடங்கு, அதாவது 43,200 ரூபாய் வரை போகலாம். பிடிபடாமல் போனால் வருவது வேறொரு நஷ்டம், அது சத்தமில்லாதது. செங்கோட்டையில் நாம் கொள்முதலுக்குக் கட்டிய வரியின் வரவு அங்கேயே தேங்கிக் கிடக்கும். புனலூரில் விற்கும்போது கழித்துக்கொள்ள வரவே இருக்காது, எனவே ஒவ்வொரு மாதமும் வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். லோடு லோடாக இது சேர்ந்துகொண்டே போய், ஆண்டுத் தணிக்கையில்தான் வெளிப்படும்.

சர்வீஸ் எண்ணை அழைத்தோம். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், உங்கள் திட்டத்தில் ஒரு ஜிஎஸ்டி எண் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது எண்ணுக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும்” என்றார். கூடுதல் விலை 36,000 ரூபாய். விற்பனைக்காரர் என்ன சொன்னார் என்று விளக்கியபோது, விற்பனைப் பிரிவு எழுதி அனுப்பி, தன் திரையில் இருந்த ஒப்படைப்புக் குறிப்பை அவரே படித்துக் காட்டினார். ‘கடை இரண்டு, கம்பெனி ஒன்று, கிடங்கு மாற்றல் போதும்’ என்ற பொருளில் ஒற்றை வரி. அதற்கு மேல் எதுவும் இல்லை; இரண்டு எண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த ஒற்றை வரியில்தான் எங்கள் பணம் போயிருக்கிறது. விற்பனைப் பிரிவில் இருப்பவருக்கு ஆர்டர் முடிந்த தேதியில் கமிஷன் கணக்காகிவிடுகிறது. வாடிக்கையாளர் நல்லபடியாகப் பயன்படுத்தத் தொடங்கினாரா என்பதோடு அதற்குத் தொடர்பு இல்லை. ஆர்டரை மூடும்போது அவர் கட்டாயம் நிரப்ப வேண்டியவை திட்டத்தின் பெயர், பயனர் எண்ணிக்கை, தொகை ஆகியவை மட்டுமே. வாடிக்கையாளரிடம் என்ன சொன்னோம் என்பதற்கு ஒரு காலிக் கட்டம் இருக்கிறது. அதில் எதையும் எழுதலாம், எழுதாமலும் விடலாம். சர்வீஸ் பிரிவுக்கு நம்முடைய வாட்ஸ்அப் உரையாடல் தெரியாது, அந்தக் கட்டம்தான் தெரியும். ஆகவே அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. தன் கையில் இருந்த தாளின்படி அவர் சரியாகவே பதில் சொன்னார். நம்மவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறான ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

விற்ற தம்பியை அழைத்தபோது, “நான் இப்போ அந்த ஏரியா பார்க்கலையே அண்ணாச்சி, சர்வீஸில் கேளுங்க” என்றார். டெமோவில் காட்டியது எது என்று கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் வந்தது: டெமோவுக்கு எப்போதும் உச்சத் திட்டத்தைத்தான் திறப்பார்களாம். எந்த வசதியைக் கேட்டாலும் “இருக்கிறது” என்று அவர் தயங்காமல் காட்ட முடிந்தது அதனால்தான். நமக்கு விற்றதோ கீழ்த் திட்டம்.

ஆர்டர் படிவத்தின் பின்பக்கத்தில், இந்தப் படிவத்தில் எழுதப்படாத வாய்மொழி உறுதிகள் எதுவும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு பிரிவு இருந்தது. பெரும்பாலான மென்பொருள் படிவங்களில் இதைப் பார்க்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று அத்தான் சொன்னார். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் ‘நுகர்வோர்’ என்ற வரையறைக்குள் வருவதில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. இரு மாநிலங்களில் கடை வைத்திருக்கும் ஒரு கூட்டு நிறுவனம் அந்த விலக்கைக் கேட்பது கடினம் என்று எங்கள் வழக்கறிஞர் சொல்லிவிட்டார்.

வாங்கப் போகிறவர்கள் முழுப்பணத்தையும் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பைக் கேட்டு வாங்க வேண்டும். விற்பனைக்காரர், நிறுவப் போகிறவர், நீங்கள் என மூவரும் ஒரே நேரத்தில் இருக்கும் அழைப்பாக அது இருக்க வேண்டும். நீங்கள் கேட்டவற்றையும் அவர் ஒப்புக்கொண்டவற்றையும் விற்பனைக்காரரே வாய்விட்டுச் சொல்ல, ஒவ்வொன்றும் நீங்கள் வாங்கும் திட்டத்தில் அப்படியே இருக்கிறதா, தனி உரிமம் வேண்டுமா, இல்லவே இல்லையா என்பதை நிறுவுகிறவர் பதில் சொல்ல வேண்டும். விற்பவரிடம் “முடியுமா?” என்று கேட்டுப் பயனில்லை; வேலையைச் செய்யப் போகிறவர் தன் வாயால் சொல்வதுதான் மதிப்புள்ளது. பேசியதை அன்றே மின்னஞ்சலில் அனுப்பி, ஆர்டர் படிவத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். எங்கள் நிலையில் அந்த மின்னஞ்சல் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“33, 32 எனத் தொடங்கும் இரண்டு ஜிஎஸ்டி எண்களுக்கும் இந்த விலையிலேயே பில் போடலாம். ஒரு கடையிலிருந்து மறு கடைக்குச் சரக்கு அனுப்பும்போது ஐஜிஎஸ்டியுடன் வரி பில்லும் இ-வே பில்லும் உருவாகும். மறு கடையில் அது கொள்முதலாகப் பதிவாகும். இவை இல்லையென்றால் கட்டிய தொகை திருப்பித் தரப்படும்.”

டெமோவையும் நீங்கள் வாங்கும் திட்டத்திலேயே காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் திட்டத்தின் பெயர் திரையின் ஒரு மூலையிலோ உதவிப் பக்கத்திலோ இருக்கும். உங்கள் சொந்த எண்கள் இரண்டையும் ஏற்றி ஒரே ஒரு மாற்றலைப் போட்டுப் பார்த்தால், எங்களுக்கு வண்டி ஏற்றிய பிறகு தெரிந்தது அங்கேயே தெரிந்துவிடும். இ-வே பில்லை மென்பொருளிலிருந்தே போட, அரசுத் தளத்தில் அதற்கென்று தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒவ்வொரு ஜிஎஸ்டி எண்ணுக்கும் உருவாக்க வேண்டும். அதைச் செய்து தருவது யார் பொறுப்பு என்பதையும் அந்த அழைப்பிலேயே கேட்டுவிடலாம்.

பணத்தைப் பிரித்துக் கொடுக்க ஒப்புக்கொள்கிறார்களா என்று பாருங்கள். கடைசிப் பகுதியை நிறுவும் நாளில் கொடுக்காமல், முதல் மாத ஜிஎஸ்டி கணக்கு சரியாக வந்த பிறகு கொடுங்கள். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்கள் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஏற்றுவார்கள். 14-ஆம் தேதி பெறுபவரின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை உருவாகும். செங்கோட்டை அனுப்பிய மாற்றல் பில்கள் புனலூரின் அந்த அறிக்கையில் தெரிந்தால், வாக்கு நிறைவேறிவிட்டது என்று பொருள். இந்தச் சோதனையில் யார் பேச்சையும் நம்பத் தேவையில்லை.

மென்பொருள் விற்கும் நிறுவனங்களில் இருக்கும் நம்மவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒப்படைப்புக் குறிப்பை விற்பனைக்காரரின் சுருக்கமாக வைக்காமல், வாடிக்கையாளர் கேட்ட சொற்களிலேயே எழுதி, அதன் நகலை வாடிக்கையாளருக்கும் அனுப்புங்கள். ‘கிடங்கு மாற்றல் போதும்’ என்ற வரி எனக்கு அன்றே வந்திருந்தால், அதே நிமிடத்தில் மறுத்துப் பதில் எழுதியிருப்பேன்.

வாட்ஸ்அப் உரையாடலை அந்த நிறுவனத்தின் மண்டல மேலாளருக்கு அனுப்பிய பிறகு, இரண்டாவது உரிமத்தைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் ஏற்கவில்லை. இப்போதைக்குச் செங்கோட்டைக் கடை மட்டும் புதிய மென்பொருளில் ஓடுகிறது. புனலூர் பழையதிலேயே இருக்கிறது. மாற்றல் பில்லை எங்கள் கணக்காளர் இரண்டு பக்கமும் கையால் ஏற்றி, இ-வே பில்லை அரசுத் தளத்திலேயே போட்டு வண்டியை அனுப்புகிறார். தொகையைத் திருப்பிக் கேட்டு வழக்கறிஞர் வழியாக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், பதில் வரவில்லை.