பம்ப் மாற்றினேன் என்றார், ஃபில்டரைத்தான் கழுவியிருக்கிறார்

முன்பக்கக் கதவு வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்கள், தண்ணீர் வெளியேறவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் துவைத்துக்கொண்டிருந்தபோது மெஷின் பாதியில் நின்றது. உள்ளே பாதி டிரம் தண்ணீர், கதவு திறக்கவில்லை. திரையில் OE. (சில மெஷின்களில் இதே கோளாறுக்கு 5E அல்லது E18 வரும்.) கீழ்ப்பக்கத்திலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் மட்டும் கேட்டது.

வந்தவர் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். "பம்ப் போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார். பம்ப்புக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். மறுநாள் வந்து, என்னிடம் பக்கெட்டும் பழைய துணியும் கேட்டார். நான் எடுத்து வருவதற்குள் கீழ்மூடியைத் திறந்து வேலையில் இறங்கிவிட்டார். கால் மணி நேரத்தில் தண்ணீர் போனது. "புது பம்ப்" என்று சொல்லி, மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டுக் கிளம்பினார். பழைய பம்ப்பை நான் கேட்கவில்லை. முதல் தப்பு அது.

அடுத்த தடவை துவைக்கப் போட்டதும் திரும்பவும் OE. போன் செய்தால், "அப்போ போர்டுதான் சார், அதுக்குத் தனியா ஆகும்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பம்ப் முனகுகிறது என்றால் போர்டிலிருந்து அதற்குக் கரண்ட் போகிறது என்றுதானே அர்த்தம்? போர்டு எப்படிப் போயிருக்கும்?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினை முன்னால் இழுத்துப் பார்த்தேன். பின்னாலிருந்து போகும் சாம்பல் நிற டியூப், அவர் தள்ளிய வேகத்தில் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே மடிந்து தட்டையாகிக் கிடந்தது. கையால் நிமிர்த்தினேன். அதன் நுனியை எடுத்துத் தரையில் ஒரு பக்கெட்டுக்குள் விட்டு, பிளக்கைச் செருகி, தண்ணீரை வெளியேற்றும் ஓட்டத்தைப் போட்டதும் குபுகுபுவென்று கொட்டியது. பக்கெட் நிறைய நிறைய நிறுத்தி ஊற்ற வேண்டியிருந்தது. இப்போது சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விட்டிருக்கிறேன்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் "புது பம்ப்" எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. மெஷினின் முன்பக்கம், கீழ் ஓரத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் திருகித் திறக்கும் ஃபில்டர். பல மெஷின்களில் பக்கத்திலேயே அடைப்பானோடு ஒரு குட்டி டியூப்பும் இருக்கும். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். தட்டையான ஒரு பாத்திரத்தை வைத்து, குட்டி டியூப் வழியாக மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, ஃபில்டரை இடப்பக்கமாக மெதுவாகத் திருகினேன். தண்ணீர் நிறைய இருக்கும்போது அவசரப்பட்டு முழுசாகக் கழற்றினால் வீடே குளமாகும்.

ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. அதை எடுத்த துளைக்குள் டார்ச் அடித்தால் பம்ப்பின் சின்ன விசிறி தெரியும். அதன் அச்சில் நீள முடியும் நூலும் இறுகச் சுற்றி, சோப்புக் கசடு ஏறிச் சாம்பல் நிறத்தில் கெட்டியாகிக் கிடந்தன. ஒரே ஒரு தடவை துவைக்கப் போட்ட புது பம்ப்பில் அத்தனை வருட அழுக்கு எப்படி வரும்? இடுக்கியால் பிய்த்தெடுக்கவே அரை மணி நேரம் ஆனது. பிறகு விரலால் சுற்றிப் பார்த்தேன். விட்டு விட்டு, தட்டித் தட்டிச் சுற்றியது. உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும். அதைக் காட்டி "பம்ப் இறுகிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடைப்பெல்லாம் எடுத்த பிறகும் முனகலே வராமலிருந்தாலோ, விசிறி உடைந்து கடகடவென்று ஆடினாலோ பம்ப்பைச் சந்தேகப்படுவது நியாயம்.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. மெஷினை இழுத்த இடத்தில், மூலையில், கருவாடு மாதிரி காய்ந்து கிடந்தது என் மகளின் சின்ன சாக்ஸ். பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு ஹேர்பின்னும் ஒரு நாணயமும். ஃபில்டரிலிருந்து எடுத்தவற்றை அவர் அங்கேயே வீசிவிட்டுப் போயிருக்கிறார்.

அவருக்குப் போன் செய்து, "கழற்றின பழைய பம்ப் எங்கே?" என்று கேட்டேன். "குப்பையில போட்டுட்டேன் சார்." விசிறியில் இருந்த முடியைப் பற்றிச் சொன்னேன். "உங்க வீட்டுல முடி ஜாஸ்தி கொட்டுது போல" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் லைன் கட்டானது. இப்போது எடுப்பதே இல்லை.