நண்பர் அனுப்பிய பி.எஸ்.டி. கோப்பு: பிரவுசரில் திறந்தால் எது நிற்கும், எது உடையும்?

கண்டியில் இருக்கும் ஒருவர் ஃபோட்டோஷாப்பில் ஒரு பெனர் செய்கிறார். தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு. ஆறடிக்கு மூன்றடி, மேலே அம்மன் படம், நடுவில் பெரிய தமிழ் எழுத்து, கீழே உபயகாரர்களின் பெயர்களும் இரண்டு கடைகளின் லோகோவும். திகதியும் ஒரு பெயரும் மாறிவிட்டன. அவருக்கு நேரமில்லை. "தம்பி, பி.எஸ்.டி.யை அனுப்புறேன், நீங்களே மாத்திட்டு எனக்குத் திருப்பி அனுப்புங்க" என்கிறார். ஹட்டனில் இருக்கும் உங்களிடம் நான்கு ஜிபி ராம் உள்ள லேப்டாப்பும் ஃபோன் ஹொட்ஸ்பொட்டும்தான் இருக்கின்றன. ஃபோட்டோஷாப் இல்லை. மலையகத்தில் டிசைன் வேலை செய்யும் பலருக்கு இது வாராவாரம் வரும் நிலைமை.

பிரவுசரில் இதற்கு மூன்று வழிகளைத்தான் மக்கள் பெரும்பாலும் எடுக்கிறார்கள்: ஃபோட்டோபீ, அடோபின் வெப் ஃபோட்டோஷாப், பிக்ஸ்லர் ஈ. இவற்றில் கோப்பு திறக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. எழுத்து எழுத்தாகவே இருக்கிறதா, திருத்திய கோப்பைக் கண்டிக்காரர் தன் ஃபோட்டோஷாப்பில் திறந்து வேலையைத் தொடர முடியுமா என்பதுதான் கேள்வி.

முதலில் பிக்ஸ்லர் ஈயைப் பார்த்துவிடலாம், அதில் சொல்ல அதிகமில்லை. பி.எஸ்.டி.யைத் திறக்கும், லேயர்களைக் காட்டும். ஆனால் லேயர்களோடு சேமிக்க அதன் சொந்த வடிவம் பி.எக்ஸ்.ஸட், அதைக் கண்டிக்காரரின் ஃபோட்டோஷாப் திறக்காது. லேயர் ஸ்டைல், வேறொரு படத்தை அசல் தரத்தோடு வைத்திருக்கும் லேயரான ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் போன்றவை உள்ளபடியே வரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். அம்மன் படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி ஜேபெக் எடுத்து ஃபேஸ்புக்கில் போட வேண்டுமென்றால் போதும். கோப்பு திரும்பிப் போக வேண்டிய வேலைக்கு நான் இதைத் தொடமாட்டேன்.

மற்ற இரண்டுக்கும் முதல் வேறுபாடு கோப்பு எங்கே இருக்கிறது என்பதில். ஃபோட்டோபீ கோப்பை உங்கள் பிரவுசருக்குள்ளேயே வைத்து வேலை செய்கிறது, எங்கும் ஏற்றுவதில்லை. இலவசம், பக்கத்தில் விளம்பரம் ஓடும். வெப் ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா வேண்டும், கோப்பும் அடோபின் கிளவுடுக்கு ஏற வேண்டும். 150 எம்பி பெனரை வாட்ஸ்அப்பில் டொகியுமெண்டாக இறக்குவதற்கே ஒரு டேட்டா செலவு. அதையே மறுபடி ஏற்ற வேண்டுமென்றால், சிக்னல் இரண்டு கோட்டில் நிற்கும் மழை நாளில் அது பாதி நாள் வேலை. ஃபோட்டோபீ பக்கம் ஒருமுறை லோட் ஆனபின் லைன் அறுந்தாலும் வேலை ஓடும்.

அதற்கு ஒரு விலை இருக்கிறது. எல்லாம் உங்கள் லேப்டாப்பின் ராமில் நடக்கிறது. பி.எஸ்.டி. டிஸ்கில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும், திறக்கும்போது விரியும். நம் பெனர் நூறு டிபிஐயில் 7200 × 3600 பிக்ஸல். ஒரு பிக்ஸலுக்கு நான்கு பைட் என்றால், பெனர் முழுவதையும் நிரப்பும் ஒரு லேயருக்கு மட்டும் சுமார் 104 எம்பி. அப்படி பத்து லேயர் இருந்தால் ஒரு ஜிபி. நான்கு ஜிபி மெஷினில் பிரவுசர் டேப் செத்துப்போவது இதனால்தான். டேப் போனால் சேமிக்காத வேலையும் போகும். மற்ற டேப்களை மூடிவிட்டுத் திறங்கள், ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் பிறகு `File > Save as PSD` கொடுங்கள்.

சரி, இப்போது எழுத்துக்கு வருவோம். பெனர் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

இலங்கையில் பிரிண்ட் வேலை இன்னும் பாமினியில்தான் நிறைய நடக்கிறது. பாமினி யுனிகோட் எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறது. கண்டிக்காரர் "திருவிழா" என்று அடித்தபோது கோப்புக்குள் பதிவானது இதுதான்:

```
jpUtpoh
```

பி.எஸ்.டி. எழுத்துருவைத் தனக்குள் சுமந்து வருவதில்லை. எழுத்துருவின் பெயர், அடித்த எழுத்துகள், அந்த லேயர் கடைசியாக எப்படித் தெரிந்ததோ அதன் படம், இவைதான் உள்ளே இருக்கும். அதனால் பாமினி இல்லாத லேப்டாப்பிலும் கோப்பைத் திறந்தவுடன் எல்லாம் அழகாகத் தெரியலாம். தெரிவது அந்தப் பழைய படம். எழுத்துக் கருவியை எடுத்து உள்ளே ஒரு தட்டு தட்டினால், எடிட்டர் தன்னிடமுள்ள ஏதோ ஒரு எழுத்துருவில் மறுபடி வரையும். திருவிழா இருந்த இடத்தில் `jpUtpoh` நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். எழுத்துரு வந்தால் தமிழும் திரும்ப வரும்.

ஃபோட்டோபீ இங்கே கைகொடுக்கிறது. பாமினியின் டிடிஎஃப் கோப்பைக் கண்டிக்காரரிடம் கேட்டு வாங்கி, ஃபோட்டோபீ ஜன்னலுக்குள் அப்படியே இழுத்துப் போட்டால் போதும். எழுத்துருப் பட்டியலில் சேர்ந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு பாமினியை இறக்காமல் அவருடையதையே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பி.எஸ்.டி. எழுத்துருவைத் தேடுவது அதன் உட்பெயரை வைத்து. ஒரே எழுத்துரு வெவ்வேறு உட்பெயர்களில் சுற்றுகிறது. பெயர் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு லேயராகப் போய் நீங்களே பாமினியைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும்.

வெப் ஃபோட்டோஷாப்பில் எழுத்துருக்கள் அடோபின் தொகுப்பிலிருந்து வருகின்றன, அதில் பாமினி இல்லை. உங்கள் மெஷினில் பாமினி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அங்கே வேலையைத் தொடங்க வேண்டாம். கோப்பின் ஒரு பிரதியை ஏற்றி, ஒரே ஒரு எழுத்து லேயரைத் தட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அடோபின் தொகுப்பிலுள்ள யுனிகோட் எழுத்துருவில் செய்த கோப்பு என்றால் கதை வேறு. கண்டிக்காரரும் கிளவுடில் வேலை செய்பவராக இருந்து, உங்களுக்கு நல்ல லைனும் சந்தாவும் இருந்தால், அடோபின் கோப்பை அடோபிலேயே திறப்பதுதான் பத்திரம்.

பாமினி வந்துவிட்டது. திகதியை மாற்றுவது சுலபம், எண்கள் பாமினியிலும் அதே எண்கள்தான். புதிய உபயகாரரின் பெயர்தான் சிக்கல். அது உங்களுக்கு வாட்ஸ்அப்பில் யுனிகோடில் வந்திருக்கும். அதை கொப்பி பண்ணி பாமினி லேயரில் ஒட்டினால் கட்டங்கள் வரும், அல்லது வேறொரு எழுத்துரு உள்ளே நுழைந்துவிடும். யுனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றும் கன்வெர்ட்டரில் போட்டு, வரும் ஆங்கில எழுத்துக்கூட்டத்தை ஒட்டுங்கள். இன்னொரு வழி, அந்த லேயரை மட்டும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யுனிகோட் எழுத்துருவுக்கு மாற்றுவது. அப்படிச் செய்தால் கொம்பு வரும் எழுத்துகளைக் கூர்ந்து பாருங்கள்: கொ, கோ, கை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால் எடிட்டர் தமிழைச் சரியாகக் கோக்கவில்லை. பக்கத்து வரி பாமினியிலும் இந்த வரி நோட்டோவிலும் இருந்தால் பெனர் ஒட்டுப்போட்டது போலத் தெரியும் என்பதால், நான் எப்போதும் கன்வெர்ட்டர் வழியைத்தான் எடுப்பேன்.

லோகோக்கள் இன்னொரு பொறி. ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் கோப்புக்குள்ளேயே பதிந்திருந்தால் ஃபோட்டோபீயில் அதை இரண்டு தட்டு தட்டித் திறந்து, மாற்றி, சேமிக்கலாம். லிங்க் செய்ததாக இருந்தால் அசல் லோகோ கண்டிக்காரரின் டிஸ்கில் இருக்கிறது, உங்களிடம் வந்தது அதன் தோற்றம் மட்டும். பெரிதாக்கினால் மங்கும். அவரிடம் `Layer > Smart Objects > Embed Linked` கொடுத்துவிட்டு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். லேயர் படத்தின் மூலையில் சங்கிலிக் குறி இருந்தால் அது லிங்க் என்று அவருக்கே தெரியும்.

எல்லாம் மாற்றியபின் எதுவும் நகரவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோப்போடு அதே அளவில் ஒரு ஜேபெக்கும் அனுப்பச் சொல்லியிருந்தால் வழி இருக்கிறது. ஃபோட்டோபீயில் `File > Open & Place` மூலம் அந்த ஜேபெக்கை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, பிளெண்ட் மோடை `Difference` ஆக்குங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடம் கறுப்பாகிவிடும். நீங்கள் மாற்றிய திகதியும் பெயரும் மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும். வேறு ஏதாவது வரியின் ஓரங்கள் ஒளிர்ந்தால் அந்த எழுத்து நகர்ந்திருக்கிறது. லேயர் ஸ்டைலின் நிழல் மாறியிருந்தாலும் இதில் பிடிபடும். திறந்தவுடனே இதைச் செய்தால் பழைய படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிடுகிறீர்கள், ஒன்றும் தெரியாது. எழுத்து லேயர்களைத் தொட்டபின் செய்யுங்கள். பார்த்து முடித்ததும் அந்த ஜேபெக் லேயரை அழித்துவிடுங்கள்.

இந்த ஒப்பீட்டில் பெனர் முழுவதும் ஒரே சீராக மங்கலான சாம்பல் தெரிந்தால் அது நிறத்தின் கோளாறு. நான்கு அச்சு மைகளின் கணக்கில் நிறத்தை வைக்கும் சிஎம்வைகே கோப்பைத் திறக்கும்போது ஃபோட்டோபீ அதைத் திரைக்கான ஆர்ஜிபிக்கு மாற்றிவிடக்கூடும். ஃபிளெக்ஸ் பெனருக்கு இதில் பெரிய நட்டமில்லை. ஓஃப்செட்டில் போகும் அழைப்பிதழுக்கு அது பெரிய நட்டம். அசலில் சிறிய எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருந்திருக்கும். ஆர்ஜிபிக்குப் போய் மறுபடி சிஎம்வைகேக்கு வரும்போது அதே கறுப்பு நான்கு மைகளின் கலவையாகிவிடும். ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடுகள் ஒரு மயிரிழை விலகினாலே பொடி எழுத்தின் ஓரத்தில் நிற நிழல் விழும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள, ஃபோட்டோஷாப் ஜன்னலின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்டிக்காரரிடம் கேளுங்கள். `RGB/8` என்றால் ஃபோட்டோபீயில் தாராளமாகச் செய்யலாம். `CMYK/8` என்று வந்து, வேலை ஓஃப்செட் என்றால், நான் பிரவுசரில் எதையும் மாற்றமாட்டேன். திருத்தத்தை பாமினிக்கு மாற்றி, எந்த லேயர், எந்த வரி என்று எழுதி அனுப்பிவிட்டு, அவரையே ஒட்டச் சொல்வேன். அவருக்கு அது இரண்டு நிமிட வேலை.

திருப்பி அனுப்பும்போது கோப்பின் பெயரை மாற்றி அனுப்புங்கள், அவருடைய அசல் மேலெழுதப்படக் கூடாது. எந்தெந்த லேயரைத் தொட்டீர்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள். அவர் திறக்கும்போது சில எழுத்து லேயர்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஃபோட்டோஷாப் கேட்கலாம். அவருடைய மெஷினில் பாமினி இருக்கிறதென்றால் சரி என்று கொடுக்கச் சொல்லுங்கள்.