பெயரைப் பார்ப்பதா, முகவரியைப் பார்ப்பதா?

கல்முனை மாமி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டு குறுஞ்செய்திகள் இருந்தன. மேலே இருந்தது போன வாரம் வந்தது: ஏடிஎம்மில் ரூ. 5,000 எடுத்ததாக, கணக்கு இலக்கத்தின் கடைசி எண்களோடு. கீழே இருந்தது அன்று காலை வந்தது: "உங்கள் கணக்கு இன்று நிறுத்தப்படும், விபரங்களை உடனே புதுப்பிக்கவும்." அதோடு ஒரு லிங்க். வங்கியின் பெயரையும் கடைசித் துண்டையும் மாற்றித் தருகிறேன், யாராவது தட்டிப் பார்த்துவிடக் கூடாதே:

```
https://vangi.lk.account-check.example/login
```

"வங்கிட பேரிலதான் வந்திருக்கு மகன், பழைய மெசேஜுக்குக் கீழேயே கிடக்கு" என்றார் மாமி. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். குறுஞ்செய்தியில் அனுப்புநராகத் தெரியும் பெயர் அனுப்புகிறவர் கொடுக்கும் வெறும் எழுத்து. அதைப் போலியாகப் போட முடியும். ஒரே பெயர் என்றால் போன் இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடும், யார் அனுப்பியது என்று சோதிப்பதில்லை. ஆகவே பெயரை நம்பி ஒன்றும் முடிவெடுக்க இயலாது.

எழுத்துப் பிழை? இருந்தால் சந்தேகப்படலாம். இல்லாவிட்டால் அது உண்மை என்று ஆகாது. சில உலாவிகளில் தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படமும் அப்படித்தான். நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே அது சொல்கிறது. திருடனுடைய தளத்துக்கும் பூட்டு கிடைக்கும்.

முகவரி வேறு ரகம். `https://` என்பதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டில் நில்லுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். மாமியின் லிங்கில் முதலில் வருவது `account-check.example`. தளத்தின் சொந்தக்காரர் அதுதான். முன்னால் இருக்கும் `vangi.lk` வெறும் அலங்காரம், அந்த இடத்தில் யாரும் எதையும் எழுதலாம். உண்மையான வங்கி என்றால் `online.vangi.lk/login` என்பது போல, சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் வங்கியின் முகவரியே நிற்கும். சுருக்கிய லிங்க் வந்தால் இந்தச் சோதனை செல்லாது, சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தட்டாமல் விடுவதே சரி.

இரண்டு செய்திகளையும் மறுபடி பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு வித்தியாசமும் தெரியும். மேலே உள்ளது நடந்ததைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. கீழே உள்ளது அவசரப்படுத்தி எதையோ கேட்கிறது. அந்தப் பக்கத்துக்குப் போனால் கடவுச்சொல்லும், பிறகு போனுக்கு வரும் ஓடிபி இலக்கமும் கேட்பார்கள். ஓடிபியைக் கொடுத்தால் பணம் போன மாதிரித்தான்.

சந்தேகம் தீராவிட்டால் வங்கியிடமே கேட்கலாம், ஆனால் அந்தச் செய்தியில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து அல்ல. அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்ட இலக்கம் இருக்கிறதே, அதற்கு. ஏற்கெனவே விபரம் கொடுத்துவிட்டவர் அதே இலக்கத்தில் முதலில் அட்டையையும் இணைய வங்கிக் கணக்கையும் முடக்கச் சொல்லட்டும். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்துக்கு அதன் பிறகு சொல்லலாம்.