ஜெனரேட்டிவ் ஃபில் எழுத்துகளை ஏன் சிதைக்கிறது, கையால் எப்படிச் சரிசெய்கிறேன்

ஃபோட்டோஷாப்பில், தேர்ந்தெடுத்த இடத்தைச் செயற்கை நுண்ணறிவு தானே வரைந்து நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் வசதி 2023 மே மாதம் சோதனைப் பதிப்பாக வந்தபோதே பயன்படுத்தத் தொடங்கினேன். வானத்தை நீட்டுவது, தரையில் கிடக்கும் வயரை நீக்குவது, சுவரின் ஓரத்தைப் பெரிதாக்குவது போன்ற வேலைகளில் அது எனக்கு மணிக்கணக்கான உழைப்பை மிச்சப்படுத்தியிருக்கிறது. எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் இன்றுவரை அதை நம்பி விடுவதில்லை. பெயர்ப்பலகை, பெட்டியின் லேபிள், சட்டையில் அச்சிட்ட சின்னம் என்று எதன்மீது நிரப்பினாலும், தூரத்தில் எழுத்துபோலத் தெரிந்து கிட்டப் போனால் எந்த மொழியிலும் சேராத கிறுக்கல்தான் கிடைக்கும். இதற்கான காரணம் புரிந்த பிறகுதான் திருத்தும் வழியும் எனக்குப் பிடிபட்டது.

படம் வரையும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பலவும் படத்தைப் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. முதலில் படத்தைச் சுருக்கிய வடிவத்துக்கு மாற்றி, அங்கேயே வேலையை முடித்து, பிறகு விரிக்கின்றன. பரவலாக அறியப்பட்ட ஸ்டேபிள் டிஃப்யூஷனின் தொடக்கப் பதிப்புகளில் 8 பிக்சல் நீளமும் 8 பிக்சல் அகலமும் கொண்ட ஒரு சதுரம் முழுவதும் ஒரே கட்டமாகச் சுருங்கிவிடும். 16 பிக்சல் உயரமுள்ள எழுத்துக்கு அங்கே கிடைப்பது இரண்டு கட்ட உயரம். அதற்குள் ‘ன’வின் சுழிகள் எப்படித் தப்பிப் பிழைக்கும்? விரிக்கும்போது கருமையான, வளைந்த ஏதோ ஒன்று இருந்தது என்ற நினைவு மட்டும் மிஞ்சுகிறது. அந்த நினைவிலிருந்து எழுத்துபோன்ற ஒன்றை மாதிரி வரைந்து தருகிறது.

எழுத்து பெரிதாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் இலையின் விளிம்பு சற்று மாறினாலும் அது இலைதான். மேகம் எப்படிக் கலைந்தாலும் மேகம்தான். எழுத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டு சுழி ‘ன’வில் ஒரு சுழி கூடினால் ‘ண’ ஆகிவிடும். மாதிரி சுழிகளை எண்ணுவதில்லை; இதுபோன்ற இடங்களில் சுழிகள் வரும் என்பதை மட்டுமே கற்றிருக்கிறது. கட்டளைப் பெட்டியை வெறுமையாக விட்டு நிரப்பினால், அங்கே என்ன சொல் இருந்தது என்ற தகவலே அதற்குக் கிடையாது. சுற்றியுள்ள மைக்கோடுகளின் போக்கைப் பார்த்து, செங்கல் வரிசையைத் தொடர்வதுபோல் அதைத் தொடர்கிறது. புதிய மாதிரிகள் பெரிய ஆங்கிலச் சொற்களைப் பெரும்பாலும் ஒழுங்காக எழுதுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சிறிய எழுத்திலும் தமிழிலும் என் அனுபவம் பழையபடியே இருக்கிறது.

அளவையும் கவனிக்க வேண்டும். ஜெனரேட்டிவ் ஃபில்லின் தொடக்கப் பதிப்புகளில் ஒரு நிரப்பலின் உண்மையான அளவு 1024 பிக்சல் சதுரத்தைத் தாண்டாது. அதைவிடப் பெரிய இடத்தைத் தேர்ந்தெடுத்தால், வரைந்ததை இழுத்துப் பெரிதாக்கி ஒட்டும். பக்கத்தில் இருக்கும் அசல் எழுத்து கூர்மையாகவும் புதிய பகுதி மங்கலாகவும் தெரிவதற்கு அதுதான் காரணம். பின்னர் இது மேம்பட்டது என்றாலும், தேர்வைச் சிறிதாக வைத்துப் பல முறை நிரப்பும் பழக்கத்தை நான் விடவில்லை.

ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். பழுப்பு அட்டைப் பெட்டி ஒன்று சற்றுச் சாய்வாக நிற்கிறது. அதன் முகத்தில் கறுப்பு மையில் ‘கவனமாகக் கையாளவும்’ என்று அச்சாகியிருக்கிறது. பெட்டியைப் பிடித்திருக்கும் கை, நடுவில் ‘கக் கை’ என்ற பகுதியை மறைத்துவிட்டது. கையை நீக்க வேண்டும்.

முதலில் லாசோவால் கையைச் சுற்றித் தேர்ந்தெடுத்து வெறுமையாக நிரப்பினேன். மூன்று மாற்றுகள் வந்தன. மூன்றிலும் அட்டை அருமையாக இருந்தது. எழுத்து மூன்றிலும் உளறல். இந்தக் கட்டத்தில் எழுத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அட்டையின் நெளிவும் ஒளியும் எதில் சரியாகப் பொருந்துகின்றனவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்து எப்படியும் போகப்போவதுதான்.

அடுத்த வேலையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நானும் பல மாதங்கள் தவறவிட்டேன். தேர்வுக் கோடு ‘மா’வின் காலையும் ‘யா’வின் தொடக்கத்தையும் தொட்டிருந்தது. மறையாமல் நன்றாக இருந்த அந்த எழுத்துகளையும் நிரப்பல் மறுபடி வரைந்துவிட்டது. பெரிய உளறலைக் கண் உடனே பிடித்துவிடும். சரியான எழுத்து நூலளவு மாறியிருந்தால் பிடிக்காது. இதைக் கண்டறிய, நிரப்பிய லேயரின் கலப்பு முறையைச் சிறிது நேரம் Difference என்று மாற்றுவேன். அசலோடு ஒத்த இடம் முழுக் கறுப்பாகத் தெரியும். மாறிய இடம் ஒளிரும். அசல் எழுத்தின் விளிம்பு ஒளிர்ந்தால் அங்கே அது கைவைத்திருக்கிறது. பிறகு முறையை Normal என்று திருப்பி, அந்த லேயரின் மாஸ்க்கில் கறுப்புத் தூரிகையால் அந்த இடங்களைத் தீட்டினால் அடியில் பத்திரமாக இருக்கும் அசல் எழுத்து மேலே வந்துவிடும். உண்மையான எழுத்து ஒரு பிக்சல் இருந்தாலும் அதை மீட்டெடுப்பதுதான் முதல் கடமை. புதிதாக எழுதுவது அதற்குப் பிறகு.

இப்போது நடுவில் உளறல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையே மறுபடி தேர்ந்தெடுத்து நிரப்பினால் பெரும்பாலும் புது உளறல்தான் வரும். இரு பக்கமும் எழுத்து நிற்பதைப் பார்த்து, நடுவிலும் எழுத்து வர வேண்டும் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. இதற்கு நான் கண்ட வழி: மேலே ஒரு தற்காலிக லேயர் போட்டு, பக்கத்து எழுத்துகளை அட்டையின் நிறத்தால் மூடிவிடுவேன். அழகாக மூட வேண்டியதில்லை. சுற்றிலும் எழுத்தே இல்லாத நிலையில் நடுப்பகுதியை நிரப்பினால் வெற்று அட்டை கிடைக்கும். பிறகு தற்காலிக லேயரை அழித்துவிட்டு, நிரப்பலில் அதன் நிறம் ஒட்டித் தெரியும் ஓரங்களை மாஸ்க்கில் மறைத்துவிடலாம். இடம் சிறிதென்றால் Clone Stamp கருவியே போதும்.

வெற்று அட்டை கிடைத்த பிறகு எழுத வேண்டும். உடனே எழுத்துருவைத் தேடி ஓட வேண்டாம். தேவையான எழுத்துகள் பெரும்பாலும் அதே படத்திலேயே இருக்கும். மறைந்தவை க, க், கை. ‘கவனமா’ என்பதன் முதல் எழுத்தே ‘க’. கடைசியில் இருக்கும் ‘ம்’ ஒரு புள்ளியைத் தருகிறது. ஆக மூன்று ‘க’வும் ஒரு புள்ளியும் அதே மையில், அதே கேமராவில் பதிவானவையாகவே கிடைத்துவிட்டன. Color Range மூலம் மையை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்தேன். அட்டையையும் சேர்த்து எடுத்தால் ஒட்டிய இடத்தில் சதுரத் திட்டு தெரியும்.

பெட்டி சாய்ந்திருப்பதால் எழுத்துகள் வலப்பக்கம் போகப் போகச் சிறுக்கின்றன. கண்ணளவில் பொருத்தினால் எப்போதும் தவறுகிறது. தெரியும் எழுத்துகளின் தலையைத் தொட்டு ஒரு கோடும் அடியைத் தொட்டு ஒரு கோடும் தனி லேயரில் இழுத்தேன். புள்ளியையும் கீழே இறங்கும் வால்களையும் கணக்கில் சேர்க்காமல் எழுத்தின் உடலை மட்டும் அளவாகக் கொள்ள வேண்டும். இந்த இரு கோடுகளுக்கு இடையே ஒவ்வொரு ‘க’வையும் Distort மூலம் உட்கார வைத்தேன். இடைவெளியையும் பக்கத்துச் சொல்லைப் பார்த்தே அமைத்தேன்.

மிஞ்சியது ஐகாரக் குறி. படத்தில் வேறெங்கும் அது இல்லை. தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும். குறியைத் தனியாகத் தட்டினால் பல எழுத்துருக்களில் பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று வந்து நிற்கும். அதனால் ‘கை’ என்று முழுதாகத் தட்டி, Convert to Shape கொடுத்து வடிவமாக்கி, ‘க’வை நீக்கிவிட்டுக் குறியை மட்டும் வைத்துக்கொண்டேன். தட்டும்போது குறி ‘க’வுக்குப் பின்னால் போய் விழுந்தால் எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம், எழுத்து அமைப்பு விருப்பத்தில் World-Ready Layout தேர்வாகவில்லை என்று பொருள். எழுத்துருவைத் தேடும்போது கோட்டின் தடிமனும் சுழியின் அகலமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். அச்சு அசலாகக் கிடைக்காவிட்டாலும், வடிவமாக்கிய பிறகு விளிம்பின் புள்ளிகளை இழுத்துப் பக்கத்து எழுத்தின் தடிமனுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

தட்டச்சு செய்த குறி அப்படியே இருந்தால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். அது மிகக் கறுப்பு, மிகக் கூர்மை, மிகச் சுத்தம். அச்சு மை ஒருபோதும் முழுக் கறுப்பாக இருப்பதில்லை. பக்கத்து எழுத்தின் நடுவிலிருந்து நிறத்தை உறிஞ்சி அதையே கொடுத்தேன். கலப்பு முறையை Multiply ஆக்கியதும் அட்டையின் நெளிவு மைக்கு ஊடாகத் தெரிந்தது. உறிஞ்சிய நிறத்தில் அட்டையின் பழுப்பும் கலந்திருப்பதால் இந்த முறையில் சற்றுக் கூடுதலாகக் கருக்கும். அதற்கேற்ப நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வேண்டியிருந்தது. பிறகு Gaussian Blur 0.7 பிக்சல், நிறமில்லாத நாய்ஸ் 2 சதவீதம். இந்த எண்கள் இந்தப் படத்துக்கு உரியவை. 100 சதவீதப் பெரிதாக்கத்தில் பக்கத்து எழுத்தின் விளிம்பையும் புதிய விளிம்பையும் மாறி மாறிப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். திரைக்கு ஏற்பச் சுருக்கிய காட்சியில் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தோன்றும்.

சின்னங்களுக்கு நான் கடைப்பிடிக்கும் முறை இன்னும் கண்டிப்பானது. பெட்டியின் மூலையில் உடையும் பொருளைக் குறிக்கும் கோப்பைச் சின்னம் பாதி மறைந்திருந்தது. சமச்சீரான வடிவம் என்பதால் தெரிந்த பாதியைக் கிடைமட்டமாகத் திருப்பி ஒட்டி, சாய்வுக்கு ஏற்ப இழுத்ததில் வேலை முடிந்தது. நிறுவனச் சின்னம் என்றால் இந்த வித்தைக்கே போக மாட்டேன். உரியவரிடம் எஸ்விஜி அல்லது பிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்கி, ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்து, நான்கு மூலைகளையும் Distort மூலம் பொருத்துவேன். உருளையான டப்பா என்றால் Warp தேவைப்படும். கோப்பு கிடைக்காவிட்டால் அந்த இடத்தைச் சட்டகத்துக்கு வெளியே வெட்டிவிடுவேன். ஏறக்குறைய சரியான சின்னம் என்று ஒன்று கிடையாது; அதை வடிவமைத்தவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அதே பெட்டியின் அடியில், கையின் மணிக்கட்டுக்குக் கீழே, தொகுதி எண்ணும் இருந்தது. நிரப்பல் அங்கே இலக்கங்கள்போன்ற நான்கு வடிவங்களை நேர்த்தியாக வரைந்து வைத்திருந்தது. ‘கையாளவும்’ என்ற சொல்லை என்னால் ஊகிக்க முடியும். எண்ணை ஊகிக்க முடியாது. வாடிக்கையாளரிடம் வேறு கோணத்தில் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நான்கு வடிவங்களையும் அழித்து அந்த இடத்தை வெற்று அட்டையாக்கினேன். எண் நீக்கப்பட்டிருப்பதைக் கோப்போடு அனுப்பிய குறிப்பில் எழுதினேன்.